எத்தனை பனியன் சேர்ந்தால் ‘குட்ஸ்’?

திருப்பூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பனியன் ஆர்டருக்கான ஒப்பந்தம் பெரும்பாலும் பையர் அனுப்பும் ஆங்கில மாதிரியில்தான் வரும். விலை, பீஸ் எண்ணிக்கை, கப்பல் ஏற்ற வேண்டிய தேதி ஆகியவை இருக்கும் முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாகப் படிப்பார்கள். பின்னால் பொடி எழுத்தில் வரும் ஷரத்துகளைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் ஸ்டாண்டர்டுங்க சார், எல்லாப் பையரும் அதேதான் போடுவாங்க” என்பார் மெர்ச்சண்டைசர். அந்தப் பொடி எழுத்துக்குள் ஒரே சொல் சில இடங்களில் ‘குட்ஸ்’ என்றும் சில இடங்களில் ‘குட்’ என்றும் எழுதப்பட்டிருக்கும். தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்று நினைத்து யாரும் பொருட்படுத்துவதில்லை. சரக்கு தாமதமாகி, பணத்தைப் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் வரும் நாளில்தான், பிடித்தம் எத்தனை சட்டைக்கு என்ற கேள்வி எழும். அதற்கு ஒப்பந்தத்தில் பதில் இருக்காது.

ஒப்பந்தங்களில் சில சொற்களுக்குத் தனிப் பொருள் கொடுத்துவிடுவது வழக்கம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுவார்கள். அதன்பின் அந்தச் சொல் எங்கே வந்தாலும், வரையறையில் சொன்ன பொருள்தான் அதற்கு. ‘குட்ஸ்’ என்றால் இணைப்பு ஒன்றில் பட்டியலிட்ட டி-ஷர்ட்கள் என்று ஒருமுறை எழுதிவிட்டால், பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பட்டியலைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஆனால் வரையறுத்தது ‘குட்ஸ்’ஸை மட்டும்தான். ‘குட்’ என்பதற்கு வரையறை இல்லை. ஆனாலும் அதே பெரிய எழுத்தோடு அது உள்ளே உலவுகிறது. அது ஒரு சட்டையா, ஒரு கார்ட்டனா, ஒரு ஸ்டைலா?

விளைவைக் கணக்கில் பார்க்க ஓர் ஆர்டரை நாமே உருவாக்கிக்கொள்வோம். மொத்தம் 12,000 பீஸ். ரவுண்ட் நெக், வி-நெக், ஹென்லி என மூன்று ஸ்டைல், ஒவ்வொன்றும் 4,000 பீஸ். கணக்கு எளிதாக இருக்க மூன்றுக்கும் ஒரே விலை, பீஸுக்கு 3 டாலர். ஆர்டரின் மொத்த மதிப்பு 36,000 டாலர். ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஷரத்து, குட்ஸ் தாமதமானால் வாரத்துக்கு குட்ஸின் விலையில் 2 சதவீதம் கழிக்கப்படும் என்கிறது. ஏழாம் ஷரத்து, எந்த ஒரு குட்டாவது தரச் சோதனையில் தேறாவிட்டால் பையர் குட்ஸை நிராகரிக்கலாம் என்கிறது. பதினோராம் ஷரத்து, விற்பவர் கொடுக்க வேண்டிய இழப்பீடு எந்த நிலையிலும் குட்டின் விலையைத் தாண்டாது என்கிறது.

ரவுண்ட் நெக்கும் வி-நெக்கும் தேதிக்குப் போய்விட்டன. ஹென்லிக்கு மட்டும் சாயப்பட்டறையிலிருந்து துணி வரத் தாமதம். அதில் 2,500 பீஸ் ஒரு வாரம் பிந்திப் போனது, மீதி 1,500 பீஸ் மூன்று வாரம் பிந்திப் போனது. இப்போது ஐந்தாம் ஷரத்தைப் பையர் எப்படிப் படிப்பார்? குட்ஸ் என்பது இணைப்பில் உள்ள 12,000 பீஸும்தான். அதில் கடைசிச் சட்டை வரும்வரை குட்ஸ் வந்துசேரவில்லை. எனவே 36,000 டாலரில் மூன்று வாரத்துக்கு 6 சதவீதம், 2,160 டாலர் பிடித்தம். ஏற்றுமதியாளர் வேறுவிதமாகப் படிப்பார்: தாமதமானது ஹென்லி மட்டும், அதன் விலை 12,000 டாலர், 6 சதவீதம் என்றால் 720 டாலர். அவருடைய வக்கீல் இன்னும் ஒரு படி இறங்கலாம். ஒவ்வொரு சட்டையையும் தனித்தனியாகப் பாருங்கள் என்பார். 2,500 பீஸுக்கு ஒரு வாரம் என்றால் 150 டாலர், 1,500 பீஸுக்கு மூன்று வாரம் என்றால் 270 டாலர், ஆக 420 டாலர். 

ஒரே வாக்கியத்திலிருந்து 2,160, 720, 420 என்று மூன்று தொகைகள் வந்துவிட்டன. மூன்றில் எதையும் அபத்தம் என்று தள்ள முடியாது. சரக்கு முழுவதையும் சேர்த்து ஒரே விளம்பரத்தில் விற்பனைக்கு வைக்கும் பையருக்கு ஒரு ஸ்டைல் வராவிட்டால் மொத்தமும் கெட்டது போலத்தான். தனித்தனியாக விற்பவருக்கு அப்படி இல்லை. வியாபாரம் எந்த வகை என்பதை ஒப்பந்தம் சொல்லியிருக்க வேண்டும், அது சொல்லவில்லை. இந்தியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தம் என்றால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு ஓரளவுக்குக் காப்பாற்றும். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனால் ஏற்றுமதி வியாபாரத்தில் பணம் பையர் கையில் இருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிட்டால், 1,440 டாலர் வித்தியாசத்துக்காக எந்த ஏற்றுமதியாளரும் வெளிநாட்டில் வழக்குப் போடப்போவதில்லை. அதனால்தான் இந்த விஷயம் நீதிமன்றத்துக்கு வெளியே, கையெழுத்துப் போடும் நாளிலேயே தீர வேண்டியது.

தரச் சோதனையில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. ஆடை ஏற்றுமதியில் ஒவ்வொரு பீஸையும் பார்ப்பதில்லை. மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள். எத்தனை மாதிரி எடுப்பது, எத்தனை குறை வரை பொறுப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 2859 என்ற தரநிலையின் அட்டவணைகள் இருக்கின்றன. தொழிலில் எல்லோரும் ‘ஏ.க்யூ.எல். 2.5’ என்று சொல்வது அந்த அட்டவணையின் ஒரு நெடுவரிசையைத்தான். பொதுவாகப் பயன்படும் இரண்டாம் சோதனை நிலையில், 3,201 முதல் 10,000 பீஸ் வரை உள்ள ஒரு லாட்டுக்கு 200 பீஸை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறையுள்ள பீஸ் 10 வரை இருந்தால் லாட் தேறும், 11 வந்தால் தேறாது. 10,001 முதல் 35,000 பீஸ் வரை உள்ள லாட்டுக்கு 315 பீஸ் எடுக்க வேண்டும். 14 வரை தேறும், 15 வந்தால் தேறாது.

நம் ஆர்டரில் லாட் எது? ‘குட்’ என்பது ஒரு ஸ்டைல் என்றால் 4,000 பீஸ் கொண்ட மூன்று லாட்கள். குட்ஸ் முழுவதும் ஒரே லாட் என்றால் 12,000 பீஸ். ரவுண்ட் நெக்கில் தையல் சரியில்லை, நூற்றுக்கு ஆறரை பீஸில் குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஸ்டைல்வாரியாகச் சோதித்தால் ரவுண்ட் நெக்கின் 200 பீஸில் ஏறக்குறைய 13 குறை வரும். அந்த ஸ்டைல் தேறாது, மற்ற இரண்டும் தேறிவிடும். மொத்தமாகச் சோதித்தால் 315 பீஸில் ஒவ்வொரு ஸ்டைலிலிருந்தும் 105 எடுப்பார்கள். ரவுண்ட் நெக்கில் சுமார் 7 குறை, மற்றவற்றில் ஒவ்வொன்று என்றால் கூட்டினால் 9தான். மொத்தச் சரக்கும் தேறிவிடும், மோசமான ரவுண்ட் நெக்கும் சேர்ந்தே கப்பல் ஏறிவிடும்.

இது ஏற்றுமதியாளருக்கு லாபம் என்று தோன்றலாம். ரவுண்ட் நெக்கில் குறை இன்னும் இரண்டு மடங்காக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 105-ல் 14 குறை, மற்றவற்றிலிருந்து இரண்டு, ஆக 16. இப்போது பழுதில்லாத 8,000 பீஸும் சேர்த்து 12,000 பீஸும் தேறாமல் நிற்கும். ஸ்டைல்வாரியாகப் பார்த்திருந்தால் நின்றிருக்க வேண்டியது 4,000 பீஸ் மட்டுமே. அந்தத் தரநிலையின் நோக்கப்படி, ஒரு லாட் என்பது கூடியவரை ஒரே வகையான, ஒரே நிலையில் செய்யப்பட்ட பொருள்களின் தொகுதியாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஸ்டைல்வாரிதான் சரி. ஆனால் ஒப்பந்தம் ‘குட்ஸைச் சோதித்து’ என்று எழுதியிருந்தால், சோதனைக்கு வருபவர் மொத்தத்தையும் ஒரு லாட்டாக எடுத்துக்கொள்வதைத் தவறு என்று எதைக் காட்டிச் சொல்வது?

சோதனை முடிந்தபின் நிராகரிப்பு. ஏழாம் ஷரத்தை மீண்டும் பார்ப்போம். ஒரு குட் தேறாவிட்டால் குட்ஸை நிராகரிக்கலாம். ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ஒருமையும் பன்மையும் வருகின்றன. எழுதியவர் வேண்டுமென்றே வேறுபடுத்தினார் என்றால், ஒரு ஸ்டைல் கெட்டாலும் 36,000 டாலர் சரக்கும் திரும்பலாம். இரண்டும் ஒன்றுதான், கைதவறி எழுதிவிட்டார் என்றால், கெட்டது மட்டும்தான் திரும்பும். ஒப்பந்தத்தைப் படிக்கும் நடுவர் பொதுவாக, சொல் மாறினால் பொருளும் மாற வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்குவார். அதனால் கைதவறி எழுதியது கூட, வேண்டுமென்று எழுதியதாக ஆகிவிடும் அபாயம் உண்டு.

சட்டங்களை எழுதியவர்கள் இந்த இடத்தில் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் சிக்கலின் தன்மை புரியும். 1930-ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பிரிக்க முடியாத ஒப்பந்தத்தில் வாங்குபவர் சரக்கையோ அதன் ஒரு பகுதியையோ ஏற்றுக்கொண்டுவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதன்பின் அவர் நிராகரிக்க முடியாது, நஷ்டஈடுதான் கேட்கலாம் என்கிறது. ‘அல்லது அதன் ஒரு பகுதி’ என்ற அந்தச் சேர்க்கை இல்லாவிட்டால், 12,000-ல் 8,000-ஐ எடுத்துக்கொண்டவர் சரக்கை ஏற்றுக்கொண்டவரா இல்லையா என்று வாதம் நடந்திருக்கும். தவணை தவணையாக அனுப்பி, தவணைக்குத் தவணை பணம் பெறும் ஒப்பந்தத்துக்கு 38-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு தவணை கெட்டால் முழு ஒப்பந்தமும் முறிந்ததா, அந்தத் தவணைக்கு மட்டும் நஷ்டஈடா என்பதை ஒப்பந்தத்தின் வாசகத்தையும் அந்தந்தச் சூழ்நிலையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது. அதாவது சட்டம் பந்தைத் திரும்ப ஒப்பந்தத்தின் பக்கமே தள்ளுகிறது. ஒப்பந்தமோ குட், குட்ஸ் என்று குழம்பி நிற்கிறது.

அமெரிக்கப் பையரின் ஒப்பந்தத்தில் நியூயார்க் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருந்தால், அங்குள்ள சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் 2-601-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். சரக்கு ஒப்பந்தப்படி இல்லையென்றால் வாங்குபவர் முழுவதையும் நிராகரிக்கலாம், முழுவதையும் ஏற்கலாம், அல்லது ஏதாவது ஒரு ‘வணிக அலகை’ ஏற்று மீதியை நிராகரிக்கலாம் என்று மூன்று வழிகளையும் அது பிரித்துச் சொல்கிறது. தவணைகளாக அனுப்பும் ஒப்பந்தத்துக்கு அங்கும் தனி விதி உண்டு. வணிக அலகு என்பது, பிரித்தால் மதிப்பு குறைந்துவிடும் தொகுதி. அந்தச் சட்டமே கொடுக்கும் உதாரணங்களில் ஒன்று, பல சைஸ்கள் கலந்த தொகுப்பு. திருப்பூரில் ‘ரேஷியோ பேக்கிங்’ என்று சொல்வது அதைத்தான்: ஒரு கார்ட்டனுக்குள் ஸ்மால் இத்தனை, மீடியம் இத்தனை, லார்ஜ் இத்தனை என்று ஒரு விகிதத்தில் போடுவது. அந்தக் கார்ட்டனிலிருந்து மீடியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவதை அந்தச் சட்டம் ஏற்காது. இங்கிலாந்திலும் 1994-இல் திருத்தம் கொண்டுவந்து, நல்லதை ஏற்று மீதியை நிராகரிக்கும் உரிமையையும் வணிக அலகு என்ற கருத்தையும் சேர்த்தார்கள். மூன்று நாட்டுச் சட்டங்களும், சரக்கு என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாமல், முழுவதும் எது, பகுதி எது, பிரிக்கக்கூடாத அலகு எது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒப்பந்தம் எழுதியவர் ஒரு மறுப்பைச் சொல்வார். கடைசிப் பக்கத்தில்தான் ஒரு வரி இருக்கிறதே: ஒருமைச் சொற்கள் பன்மையையும், பன்மைச் சொற்கள் ஒருமையையும் உள்ளடக்கும். அந்த வரி இருக்கும்போது குட் என்றால் என்ன, குட்ஸ் என்றால் என்ன?

பழைய வரி அது. 1850-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், சட்டங்களின் வாசகத்தைச் சுருக்குவதற்காகவே இயற்றிய ஒரு சட்டத்தில் இந்த விதி இருக்கிறது. அதற்கு முன் ‘நபர் அல்லது நபர்கள், வீடு அல்லது வீடுகள்’ என்று இழுத்து இழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அது மத்திய அரசின் சட்டங்களையும் ஒழுங்குமுறைகளையும் படிப்பதற்கான விதி. இரண்டு வியாபாரிகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. இங்கிலாந்தில் 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் 61-ஆம் பிரிவு, அதே விதியை ஒப்பந்தங்களுக்கும் நீட்டியது. அதனால் அங்கே அந்த வரியை எழுதாவிட்டாலும் எழுதியது போலத்தான்.

அந்த வரி செய்யும் வேலை சிறியது. வாடகை ஒப்பந்தத்தில் ‘உரிமையாளர்’ என்று ஒருமையில் எழுதியிருக்கிறது, வீடோ அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது என்றால், இருவருக்கும் ஷரத்து பொருந்தும் என்று அது சொல்லும். எண்ணிக்கை ஒன்றா பலவா என்ற கேள்வி அத்தோடு தீரும். நம் ஆர்டரின் கேள்வி அதுவல்ல. பல சட்டைகள் இருக்கின்றன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவற்றை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக எடுப்பதா, ஒவ்வொன்றாக எடுப்பதா, எதுவோ ஒன்று கெட்டாலே போதுமா என்பதுதான் கேள்வி. ஒருமை பன்மையை உள்ளடக்கும் என்ற விதியால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒப்பந்தம் எழுதும் கலை பற்றிய அமெரிக்கரான கென்னத் ஆடம்ஸின் கையேடு, முழுமைக்கும் பகுதிக்கும் இடையே வரும் இந்தக் குழப்பத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கொடுத்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வழக்கு ஒப்பந்தம் பற்றியது அல்ல, குடியேற்றச் சட்டம் பற்றியது. நாட்டில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவர் வெளியேற்றத்திலிருந்து சலுகை கேட்கலாம். ஆனால் ஆஜராகச் சொல்லும் ‘ஒரு அறிவிப்பு’ கொடுக்கப்பட்டால் அந்தக் காலக்கணக்கு நின்றுவிடும். குவாத்தமாலாவிலிருந்து 2005-இல் வந்த ஒருவருக்கு 2013-இல் அரசு முதலில் குற்றச்சாட்டுகளை எழுதி ஒரு தாளை அனுப்பியது. விசாரணை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் இரண்டு மாதம் கழித்து இன்னொரு தாளில் அனுப்பியது. இரண்டையும் சேர்த்தால் ஒரு அறிவிப்பு ஆகிவிடும் என்பது அரசின் வாதம். அமெரிக்காவிலும் ஒருமை பன்மையை உள்ளடக்கும் என்ற விதி சட்டத்தில் இருக்கிறது. நீதிபதி நீல் கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ஆறு பேர் ஒருபக்கம் மூன்று பேர் மறுபக்கம் என்ற கணக்கில், அரசின் வாதத்தை நிராகரித்தது. ஒரு கார் வாங்க ஒப்புக்கொண்டவர் இன்று சட்டகம், அடுத்த வாரம் சக்கரம், அப்புறம் எஞ்சின் என்று வருவதை எதிர்பார்க்க மாட்டார் என்று அதில் ஓர் உதாரணம் வருகிறது. ஒருமை பன்மையையும் குறிக்கலாம் என்பது, ஒரு பொருளைத் துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டு ஒன்று கொடுத்தேன் என்று சொல்வதற்கான அனுமதி அல்ல என்பதே சாரம்.

நம் ஒப்பந்தத்தில் அந்தக் கடைசிப் பக்க வரி உதவுவதை விட்டுக் கெடுதலும் செய்யும். பதினோராம் ஷரத்து, இழப்பீடு குட்டின் விலையைத் தாண்டாது என்கிறது. துவைத்ததும் சாயம் இறங்கி, கடைகளிலிருந்து சரக்கு முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டிய நிலை என்றால், ஏற்றுமதியாளர் குட் என்றால் ஒரு சட்டை, அதன் விலை 3 டாலர் என்பார். பையர், ஒருமை பன்மையை உள்ளடக்கும், ஆகவே வரம்பு 36,000 டாலர் என்பார். அந்த வரி இல்லாவிட்டால் குட் என்ற சொல்லுக்குச் சூழலை வைத்தாவது ஒரு பொருளைத் தேடலாம். அது இருப்பதால் இரண்டு பொருளுக்கும் அதிகாரபூர்வமான இடம் கிடைத்துவிடுகிறது. வாசகம் தெளிவில்லாதபோது எழுதியவருக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்ற பழைய கொள்கை ஒன்று உண்டு. பையரின் மாதிரி என்றால் அது ஏற்றுமதியாளருக்குச் சாதகம். ஆனால் வேறு எந்த வழியிலும் பொருள் தெளியாதபோது கடைசியாகத்தான் நடுவர்கள் அதைக் கையில் எடுப்பார்கள். அதை நம்பி ஒப்பந்தம் போட முடியாது.

இந்த ‘குட்’ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கணினியில் ஒரே நிமிடத்தில் பிறக்கிறது. பழைய மாதிரியில் ‘ப்ராடக்ட்’, ‘ப்ராடக்ட்ஸ்’ என்று இருந்ததை, புது ஒப்பந்தத்துக்காக ஒரே கட்டளையில் ‘குட்’ என்று மாற்றிவிடுகிறார்கள். ஒருமை, பன்மை இரண்டும் அப்படியே புதுச் சொல்லுக்கு இடம்பெயர்கின்றன. பழைய மாதிரியில் ‘ப்ராடக்ட்’ என்றால் ஒரு வகைச் சரக்கு என்று வரையறை இருந்திருக்கும். வரையறைப் பக்கம் மட்டும் வேறு மாதிரியிலிருந்து வந்திருப்பதால் அது விடுபட்டுப்போகும். இரண்டு வக்கீல்கள் மாறி மாறித் திருத்திய ஒப்பந்தத்திலும் இது நடக்கும். ஒருவர் மொத்தத்தை மனதில் வைத்து எழுதியிருப்பார், மற்றவர் ஒரு பீஸை மனதில் வைத்து எழுதியிருப்பார்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. வேர்டில் தேடும் பெட்டியைத் திறந்து, `Use wildcards` என்பதைத் தேர்ந்தெடுத்து, இப்படித் தேடலாம்:

```
<Good>
```

இந்த முறையில் தேடினால் பெரிய எழுத்தில் தொடங்கும் தனிச்சொல் மட்டுமே சிக்கும். பன்மை சிக்காது, சிறிய எழுத்தில் வரும் சாதாரணச் சொல்லும் சிக்காது. ஒன்று கூடச் சிக்கவில்லை என்றால் ஒரு தலைவலி குறைந்தது. சிக்கினால் அந்த ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே சொல்ல வந்தது ஒரு பீஸா, ஒரு ஸ்டைலா, ஒரு ஷிப்மென்டா என்று கேட்க வேண்டும். ஒட்டுமொத்தமாக ஒன்றை இன்னொன்றாக மாற்றும் கட்டளையைக் கொடுக்கவே கூடாது. முதலில் பிழை பிறந்ததே அப்படித்தான்.

பன்மை மட்டும் இருந்தாலும் வேலை முடியவில்லை. ஐந்தாம் ஷரத்தில் ஒருமையே இல்லை, அங்கேதான் மூன்று தொகைகள் வந்தன. அதற்கு இங்கிலாந்து மாதிரிகளில் வழக்கமாக ஒரு தீர்வு காணப்படும்: குட்ஸ் என்றால் ‘ஆர்டரில் கண்ட சரக்கு, அல்லது அதில் எந்தப் பகுதியும்’ என்று வரையறையிலேயே எழுதிவிடுவார்கள். நிராகரிப்பு ஷரத்துக்கு இது நன்றாக உதவும். ஆனால் ‘குட்ஸை மே 30-க்குள் ஒப்படைக்க வேண்டும்’ என்ற ஷரத்தில் இதே வரையறையைப் போட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு பகுதியை ஒப்படைத்தாலே கடமை முடிந்தது என்று வாதாட இடம் கொடுக்கிறது. எந்த நடுவரும் அதை ஏற்கமாட்டார் என்றாலும், வரையறை ஒன்றிலேயே எல்லா ஷரத்தையும் சமாளிக்க முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

நான் பரிந்துரைப்பது, அலகுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைப்பது. குட்ஸ் என்றால் இணைப்பில் உள்ள 12,000 பீஸும் சேர்ந்த மொத்தம், அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை. ‘பீஸ்’ என்றால் அதில் ஒரு சட்டை. ‘ஸ்டைல்’ என்றால் இணைப்பில் ஒரே ஸ்டைல் எண்ணுக்குக் கீழ் வரும் பீஸ்கள். ஒரே சரக்குரசீதில் போகும் பீஸ்கள் ஒரு ‘ஷிப்மென்ட்’. தளத்தில் வேலை செய்பவர்கள் தினமும் பேசும் சொற்கள்தான் இவை. ஒப்பந்தத்துக்குள் வர ஏன் தயங்க வேண்டும்? ‘குட்’ என்ற சொல்லை அறவே விட்டுவிடலாம். பிறகு ஷரத்துக்கு ஷரத்து பொருத்தமான அலகைப் போட வேண்டும். தாமதப் பிடித்தம், தாமதமான பீஸ்களின் விலையில், அந்தந்தப் பீஸ் எத்தனை வாரம் தாமதமோ அத்தனை வாரத்துக்கு. உலக வங்கியின் கொள்முதல் ஒப்பந்த மாதிரி இந்த இடத்தில் ‘தாமதமான குட்ஸ்’ என்று ஓர் அடைமொழியைச் சேர்த்து மொத்தத்தின் மீது பிடிப்பதைத் தடுத்துவிடுகிறது. சோதனை, ஸ்டைல்வாரியாக, ஒவ்வொரு ஸ்டைலும் ஒரு லாட். நிராகரிப்பு, தேறாத ஸ்டைலை மட்டும். பொறுப்பு வரம்பு, கோரிக்கைக்குக் காரணமான ஸ்டைலின் மொத்த விலை.

பையர் இவற்றில் சிலவற்றை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். மூன்று ஸ்டைலும் ஒன்றாக இருந்தால்தான் தனக்கு விற்பனை என்று சொல்லலாம். அது நியாயமான கோரிக்கைதான். அப்படியென்றால் அதையே எழுதட்டும்: எந்த ஒரு ஸ்டைல் தேறாவிட்டாலும் குட்ஸ் முழுவதையும் நிராகரிக்கலாம் என்று. அந்த அபாயம் தெரிந்தபின் ஏற்றுமதியாளர் விலையில் சேர்த்துக்கொள்வார், இல்லையென்றால் ஆர்டரை விட்டுவிடுவார்.

பெரிய பையர்கள் தங்கள் மாதிரியில் ஒரு எழுத்தையும் மாற்ற விடமாட்டார்கள் என்பதும் உண்மை. அப்போது பி.ஓ.வில் இடம் தேடலாம். பெரும்பாலான மாதிரிகளில், முரண்பாடு வந்தால் எந்த ஆவணம் மேலோங்கும் என்று ஒரு ஷரத்து இருக்கும். பி.ஓ. மேலோங்கும் என்றால், பி.ஓ.வின் குறிப்புப் பகுதியில் சோதனையும் பிடித்தமும் ஸ்டைல்வாரியாக என்று ஒரு வரி சேர்த்தாலே போதும். பொது ஒப்பந்தமே மேலோங்கும் என்றால் அந்த வரிக்குப் பலமில்லை. இருதரப்பும் கையெழுத்திட்ட ஒரு திருத்தம் வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்தாகி, ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தம் என்றால் கவனம் செல்ல வேண்டியது டெபிட் நோட்களின் மீது. அமெரிக்க வணிகச் சட்டத்தொகுப்பின் 1-303-ஆம் பிரிவு, இருதரப்பும் இதுவரை ஒப்பந்தத்தை எப்படி நடத்தி வந்தார்கள் என்பதை வைத்து வாசகத்துக்குப் பொருள் காண அனுமதிக்கிறது. ஒரு ஸ்டைல் தாமதமானதற்கு மொத்த மதிப்பில் பிடித்த டெபிட் நோட்டை, தொகை சிறியது என்று பேசாமல் ஏற்றுக்கொண்டால், அடுத்த பெரிய தொகைக்கு அது சாட்சியாக வந்து நிற்கும். சிறிய தொகையாக இருந்தாலும், இந்தப் பிடித்தத்தை ஏற்கவில்லை, தாமதமான பீஸ்களின் விலை மட்டுமே ஐந்தாம் ஷரத்தில் வரும் என்று தேதியோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை அந்த ஆர்டரின் கோப்பில் வைக்க வேண்டும்.